120 பேர் உட்காரலாம் என்றார்கள், 54 பேருக்குத்தான் மேசை இருந்தது

கான்ஃபரன்ஸ் ஹால் புக் செய்யப் போகிறவர்கள் முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுடையது 80 பேருக்கான முழுநாள் பயிற்சி வகுப்பு. எல்லோரும் லேப்டாப் கொண்டு வருவார்கள், ஆளுக்கு மேசை வேண்டும் என்று முதல் மெயிலிலேயே தெளிவாக எழுதியிருந்தோம். "120 பேர் தாராளமாக உட்காரலாம், கவலையே வேண்டாம்" என்று மேலாளர் பதில் போட்டார்.

அன்று காலை உள்ளே போனால் மொத்தம் 18 மேசைகள். ஒவ்வொன்றும் ஆறடி நீளம், அதில் மூன்று பேர். மூன்று லேப்டாப்பைத் திறந்தால் நோட்டு வைக்கக்கூட இடமில்லை. மீதி 26 பேருக்குப் பின்சுவரை ஒட்டி வெறும் நாற்காலி. நாள் முழுக்க மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கேட்டதற்கு, "120 என்பது தியேட்டர் மாதிரி வரிசையாக நாற்காலி மட்டும் போட்டால் வரும் கணக்கு" என்றார் அதே மேலாளர்.

அந்த ஹால் சுமார் 1200 சதுர அடி. வெறும் நாற்காலி என்றால் ஒருவருக்கு 8 முதல் 10 சதுர அடி போதும், அதனால் 120 வந்துவிடும். மேசையோடு வகுப்பறை மாதிரி போட்டால் ஒருவருக்கு 15 முதல் 18 வரை தேவை. அப்படியே வகுத்தாலும் 66 முதல் 80 பேர் வரைதான் வரும். மேடை, திரைக்கு முன்னால் விட வேண்டிய இடைவெளி, நடைபாதை எல்லாம் கழித்தால் 60கூடத் தேறாது. தினமும் ஹால் வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தே பெரிய எண்ணைச் சொல்லியிருக்கிறார்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் "எத்தனை பேர் உட்காரலாம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். மேடையும் திரையும் போட்ட பிறகு, மேசையோடு எத்தனை இருக்கை வரும், மேசை எத்தனை அடி, ஒரு மேசைக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். அந்த அமைப்பை அளவோடு வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். தூண்கள் எங்கே இருக்கின்றன என்பதும் அதில் தெரிந்துவிடும்.

அப்புறம் பில். சாப்பாடு ஆளுக்கு இவ்வளவு என்றுதான் கொட்டேஷனில் இருந்தது. வந்தது 80 பேர், பில் 100 பேருக்கு. குறைந்தபட்சம் 100 பேருக்குக் கட்ட வேண்டுமாம், அதை யாரும் முன்பு சொல்லவே இல்லை. புரொஜெக்டர் வாடகையில் அடக்கம், சரி. ஆனால் ஹாலில் நாலே நாலு பிளக் பாயின்ட். லேப்டாப்புக்கு சார்ஜ் போடக் கொடுத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒவ்வொன்றுக்கும், இரண்டாவது மைக்குக்கும் தனித்தனியாகக் காசு போட்டிருந்தார்கள்.

பில்லிலேயே ஆட்சேபம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு பகுதியைத் திருப்பித் தரும்படி கேட்டிருக்கிறோம். மேசை கேட்ட மெயிலும் அதற்கு வந்த பதிலும் கையில் இருப்பதால் அவர்களால் இதுவரை மறுத்துப் பேச முடியவில்லை.