வீட்டுச் செலவுக் கணக்கில் SUMIFS: பிடித்ததும், பிடிக்காததும்

செலவுக் கணக்குக்கு ஆப் வாங்கலாமா, கூகுள் ஷீட்டிலேயே போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பல வருடமாக ஷீட்டில்தான் எழுதுகிறேன். A-இல் தேதி, B-இல் வகை, C-இல் பணம் கொடுத்த விதம், D-இல் தொகை. G1-இல் மாதத்தின் முதல் தேதி. அவ்வளவுதான். அந்த மாதம் யுபிஐ-யில் கொடுத்த மளிகைச் செலவை மட்டும் SUMIFS கூட்டித் தரும்:

```
=SUMIFS(D:D, B:B, "மளிகை", C:C, "யுபிஐ", A:A, ">="&G1, A:A, "<"&EDATE(G1,1))
```

G1-ஐ மாற்றினால் போதும், மொத்தக் கணக்கும் அந்த மாதத்துக்குப் போய்விடும். 30 நாளா, 31 நாளா என்ற கவலையை EDATE பார்த்துக்கொள்கிறது. இந்த ஒரு வசதிக்காகவே எனக்கு இதைப் பிடிக்கும்.

எரிச்சல், தேதியில். ஷீட் அமெரிக்க வழக்கத்தில் இருந்தால் மாதத்தைத்தான் முதலில் படிக்கும். நாம் அதில் ஒட்டுகிற வங்கி ஸ்டேட்மென்ட்டில் நாள்தான் முதலில் வரும். ஜூன் மாத மளிகை நான்கு வரி என்று வையுங்கள்: 3/6-இல் 2,600, 6/6-இல் 540, 14/6-இல் 1,250, 22/6-இல் 900. வரவேண்டியது 5,290. ஷீட் காட்டுவது 540. மூன்றாம் தேதிச் செலவு மார்ச் 6-க்குப் போய்விட்டது. பதினாலாவது மாதம் என்று ஒன்று கிடையாது என்பதால் 14/6, 22/6 இரண்டும் வெறும் எழுத்தாக நின்றுவிட்டன. 6/6 மட்டும் எப்படிப் படித்தாலும் ஒன்றுதான் என்பதால் தப்பித்தது.

இதில் எனக்குக் கோபம் வருவது, ஒரு பிழைச் செய்தி கூட வராததுதான். நிபந்தனைக்குப் பொருந்தாத வரியை SUMIFS சத்தமில்லாமல் விட்டுவிடும். அந்த மாதம் சிக்கனமாக இருந்தோம் என்று வீடே நம்பிவிடும்.

கண்டுபிடிக்க வழி உண்டு. நாமாக அலைன்மென்ட் மாற்றாதவரை உண்மையான தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டியிருக்கும், எழுத்தாகிப் போனது இடப்பக்கம். இடம் மாறி வருங்காலத்துக்குப் போனவற்றை இது எண்ணிச் சொல்லும்:

```
=COUNTIFS(A:A, ">"&TODAY())
```

ஆனால் மார்ச்சுக்குப் போன அந்த 2,600 இதில் சிக்காது. அதனால் ஒட்டுவதற்கு முன்பே File > Settings > Locale-இல் India என்று மாற்றிவிடுங்கள். ஒட்டிய பிறகு மாற்றினால், இடம் மாறிய தேதிகள் தானாகத் திரும்பாது. அழித்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டும். G1-இலும் கையால் 1/6 என்று அடிக்காமல் =DATE(2025,6,1) என்று கொடுப்பது நல்லது.

நான் இதை விடப்போவதில்லை, இத்தனை வளைந்துகொடுக்கும் கணக்கு வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நண்பரிடம் ஆப்பே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அவர் ஸ்டேட்மென்ட்டை அப்படியே ஒட்டுகிற ஆள்.