90 வெள்ளிக்கு வாங்கிய 5,000 பேரில் ஒருவரும் முறுக்கு தின்னவில்லை

சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டிலேயே பலகாரம் சுட்டு விற்கிற அக்கா தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். தீபாவளி நெருங்கும்போது உங்கள் இன்ஸ்டாகிராம் இன்பாக்ஸுக்கும் ஒரு தம்பி வருவார். என்னிடம் 2024 ஆகஸ்டில் வந்தார். "சிஸ், முறுக்கு படம்லாம் நல்லா இருக்கு. ஆனா 640 ஃபாலோவர்னா யாரு நம்பி ஆர்டர் போடுவா?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. முறுக்கு என் மாமியார் கைப்பக்குவம். பால்மரம் வெட்டிய காலத்திலேயே லயத்தில் எல்லா வீட்டுக்கும் அவர்தான் தீபாவளிக்குப் பிழிந்து கொடுப்பார். அதை விற்கிற நான் எண்ணிக்கையில் தோற்கிறேனே என்று ஒரு ரோஷம். 90 வெள்ளி, 5,000 ஃபாலோவர், 30 நாள் 'ரீஃபில்' கேரண்டி என்றார். பாஸ்வர்டும் கேட்டார், அதை மட்டும் கொடுக்கவில்லை. இந்தக் கதையில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

இரண்டு நாளில் 5,640 ஆகிவிட்டது. மாமியாரிடம் போனைக் காட்டினேன். "இத்தனை பேருக்கும் நான் எப்பம்மா சுடறது?" என்று பயந்துபோனார்.

பயப்பட ஒன்றுமில்லை என்று அடுத்த வாரமே தெரிந்தது. அதற்கு முன்பு ஒரு படம் போட்டால் முந்நூறு பேர் பார்ப்பார்கள், நாற்பது லைக் விழும், நாலைந்து பேர் விலை கேட்பார்கள். வாங்கிய பிறகு போட்ட அச்சு முறுக்குப் படத்துக்கு 31 லைக். முன்பு ஃபாலோவரில் 16 பேருக்கு ஒருவர் லைக் போட்டிருக்கிறார். இப்போது 180 பேருக்கு ஒருவர். அதற்கடுத்த படத்தை முந்நூறு பேர்கூடப் பார்க்கவில்லை.

ஏன் என்று அந்தக் கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. படம் இருக்காது, பதிவு பூஜ்யம், பெயருக்குப் பின்னால் ஏழெட்டு எண்கள். முக்கியமானது, அவர்கள் எத்தனை பேரைப் பின்தொடர்கிறார்கள் என்பது: 6,900, 7,200, 7,480. இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு 7,500 பேருக்கு மேல் பின்தொடர முடியாது. எல்லையைத் தொட்டு நிற்கிற கணக்கு என்றால் அது தொழிலுக்கென்றே வளர்த்த கணக்கு. பின்னால் உண்மையான ஆள் ஒருவர் இருந்தாலும், ஏழாயிரம் பேர் பதிவுகளுக்கு நடுவில் என் முறுக்கு அவர் கண்ணில் எங்கே படப்போகிறது?

இன்ஸ்டாகிராம் ஒரு பதிவை எடுத்தவுடன் எல்லாருக்கும் காட்டிவிடுவதில்லை. கொஞ்சம் பேருக்குக் காட்டி, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துத்தான் வட்டத்தைப் பெரிதாக்குகிறது. அதன் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் முக்கியமான மூன்று அளவுகளைச் சொன்னார். எவ்வளவு நேரம் பார்த்தார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் போட்டார்கள், எத்தனை பேர் அதை வேறொருவருக்கு அனுப்பினார்கள். மொத்த ஃபாலோவர் எண்ணிக்கை அந்தப் பட்டியலிலேயே இல்லை. பார்த்தவர்களில் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. அப்படியிருக்க, ஒன்றுமே செய்யாத 5,000 பேரை நானே காசு கொடுத்து என் கடைவாசலில் நிறுத்தி வைத்திருந்தேன்.

அந்த 'ரீஃபில்' என்ற சொல்லை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். மூன்று வாரத்தில் எண்ணிக்கை 5,000க்குக் கீழே இறங்கியது. தம்பி மறுபடி நிரப்பினார். போலிக் கணக்குகளை இன்ஸ்டாகிராம் அழித்துக்கொண்டே இருக்கிறது. இது புதிதும் இல்லை. 2014 டிசம்பரில் ஒரே வீச்சில் அழித்தபோது, இன்ஸ்டாகிராமின் சொந்தக் கணக்கிலேயே 18 மில்லியன் ஃபாலோவருக்கு மேல் காணாமல் போனார்கள். 30 நாள் கேரண்டி என்றால் 31ஆம் நாளிலிருந்து ஓட்டை உங்களுடையது.

ரீச் விழுந்ததைத் தம்பியிடம் சொன்னேன். அதற்கும் மருந்து வைத்திருந்தார். மாதம் 20 வெள்ளிக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டார். எங்கேஜ்மென்ட் பாட் என்பது இதுதான். நாற்பது பேர். யாராவது லிங்க் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் மற்றவர்கள் லைக் போட்டு, நாலு சொல்லுக்குக் குறையாமல் கமெண்ட் எழுத வேண்டும். செய்யாவிட்டால் உன் லிங்க்கை யாரும் தொட மாட்டார்கள். புருவம் திருத்துகிற கடை, இன்சூரன்ஸ், தலைமுடி எண்ணெய், ஜொகூரில் வாடகை அறை. ஒரு நாளைக்குப் பதினைந்து லிங்க். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு ஒரு கையால் "வாவ் சிஸ், செம அழகான டிசைன்" என்று தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஈடு முறுக்கு கருகியும் போனது.

லைக் அறுபதுக்கு ஏறியது. சரி, வேலை செய்கிறது என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் என் ரீலின் Insights பக்கத்தைத் திறந்தேன். 22 வினாடி வீடியோ. முன்பு சராசரியாக 11 வினாடி பார்த்தார்கள். குரூப்பில் போட்ட வீடியோவை 3 வினாடி. கடமைக்கு வருகிறவர் லைக் போட்டுவிட்டு அடுத்த லிங்க்குக்கு ஓட வேண்டாமா? நானும் அவர்கள் வீடியோவை அப்படித்தான் பார்த்தேன். யாருக்காவது அனுப்பியவர்கள் பூஜ்யம். இன்னொரு கெடுதல், யார் உங்கள் பதிவைத் தொடுகிறார்களோ அவர்களைப் போன்றவர்களுக்குத்தான் அது மேலும் காட்டப்படும். என் முறுக்கு ஈப்போவில் பலகாரம் தேடுகிற அம்மாக்களிடம் போகாமல், ஜொகூரில் புருவம் திருத்துகிறவர்களிடம் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குரூப்பில் எல்லாரும் விற்கிறவர்கள். வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லை.

இதையெல்லாம் விட வலித்தது செப்டம்பர் கடைசியில் நடந்தது. ஈப்போவில் மளிகைக் கடை வைத்திருக்கிற ஓர் அண்ணன் 80 டின் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. மாதிரி டின்னோடு போனேன். ஓமம் போட்ட முறுக்கு ஒன்றைக் கடித்துக்கொண்டே, எவ்வளவு பேர் கேட்டு வருவார்கள் பார்ப்போம் என்று என் பக்கத்தைத் தன் போனில் திறந்தார். ஃபாலோவர் பட்டியலைக் கட்டை விரலால் மெதுவாகத் தள்ளினார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். ஐந்து, பத்து, இருபது பெயர். ஒரு தமிழ்ப் பெயர் இல்லை, ஒரு மலேசிய முகம் இல்லை. கமெண்ட்டுக்குப் போனார். எல்லாப் படத்திலும் அதே பன்னிரண்டு பேர், அதே "வாவ் சிஸ்".

"இவங்கல்லாம் யாரு தங்கச்சி? முறுக்கு திங்கிற ஆளுங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. டின்னை மூடி வைத்தார். "முறுக்கு நல்லாத்தான் இருக்கு. 20 டின் வச்சிட்டுப் போங்க. வித்தா காசு தர்றேன்." 80 டின் கைக்காசுக்குப் போயிருக்க வேண்டியது, 20 டின் கடனுக்குப் போனது. எண்ணிக்கையில் பொய் சொல்கிறவள் எண்ணெயில் என்ன செய்வாளோ என்று அவர் யோசித்திருந்தால் அது அவர் தப்பில்லை.

யாராவது ஒருவரின் பக்கம் இப்படிப்பட்டதா என்று பார்க்க அந்த அண்ணன் செய்த இரண்டு வேலையே போதும். ஃபாலோவர் பட்டியலில் இருபது பேரைத் திறந்து பாருங்கள். ஐந்தாறு பதிவுகளில் கமெண்ட் போட்ட பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் கணக்கு பிஸினஸ் கணக்கு என்றால் Insights பக்கத்தில் ஃபாலோவர்கள் எந்த ஊர், எந்த நாடு என்று இருக்கும். என்னுடையதில் முதல் ஐந்து ஊர்களில் ஒன்றுகூட மலேசியாவில் இல்லை.

குரூப்பை விட்டு அன்றிரவே வெளியேறினேன். ஃபாலோவரை வெளியேற்றுவது அவ்வளவு சுலபமில்லை. நான் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பெயராக Remove தட்டினேன். அவசரப்பட்டு நூற்றுக்கணக்கில் தட்டினால் ஏதோ ரோபோ வேலை என்று இன்ஸ்டாகிராமே நம்மைக் கொஞ்ச நாள் முடக்கிவிடும். ஒரு ராத்திரிக்கு ஐம்பது என்று வைத்துக்கொண்டேன். கூடவே Account Status பக்கத்தையும் பாருங்கள். உங்கள் பதிவுகளைப் புது ஆட்களுக்குப் பரிந்துரைக்க முடியாதபடி ஏதாவது இருந்தால் அங்கே காட்டும். அந்த மட்டில் எனக்கு ஒன்றும் வரவில்லை.

வியாபாரம் திரும்பியது வேறு வழியில். எங்கள் பழைய தோட்டத்தை விட்டு ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூர் என்று போனவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. கல்யாணம், சாவு, கோயில் திருவிழா எல்லாம் அதில்தான் வரும். அதில் விற்கக் கூச்சப்பட்டு ஒதுங்கியே இருந்தேன். மாமியார் மாவைப் பிசைந்துகொண்டே, "உப்பு கம்மி, இப்ப பாரு என்னைத்தான் சொல்வாங்க" என்று என்னைத் திட்டுகிற வீடியோவை ஒரு நாள் சும்மா போட்டேன். அதையே ரீலாகவும் ஏற்றினேன். சிங்கப்பூரில் இருக்கிற ஒருவர் தன் தங்கைக்கு அனுப்ப, தங்கை மைத்துனிக்கு அனுப்ப, லைக் 54தான், ஆனால் அனுப்பியது 71 பேர். அந்த வாரம் 26 டின் ஆர்டர். மொசேரி சொன்ன மூன்றாவது அளவு என்ன என்று எனக்கு விளங்கியது அப்போதுதான்.

அதன் பிறகு ஒவ்வொரு டின் மூடியிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன்: 'அடுத்த தடவைக்கு இந்த நம்பரைச் சேமித்து வையுங்கள்.' காரணம் இருக்கிறது. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இப்போது என் பட்டியலில் 140 பேர். எல்லாரும் ஒரு தடவையாவது காசு கொடுத்து வாங்கியவர்கள்.

காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் இன்ஸ்டாகிராமிடமே நேராகக் கொடுத்து விளம்பரம் போடுங்கள். அதில் ஊரைக் குறித்து, சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று எல்லை போடலாம். ஒரு நாளைக்கு 9 வெள்ளி வீதம் பத்து நாள், அதே 90 வெள்ளி செலவழித்தேன். 14 பேர் வாட்ஸ்அப்பில் கேட்டார்கள், 6 பேர் வாங்கினார்கள். பெரிய எண் இல்லை. ஆனால் ஆறு பேருடைய வீடும் எனக்குத் தெரியும்.

2025 தீபாவளி அக்டோபர் 20இல் வந்தது. அதற்குக் கொஞ்சம் முன்பு அந்தத் தம்பி புதுப் பெயரில் மறுபடி வந்தார்: "சிஸ், 10,000 ஃபாலோவர், பழைய கஸ்டமருக்கு 120 வெள்ளி." பிளாக் செய்துவிட்டு, அன்றைய ஐம்பதைத் தட்ட ஆரம்பித்தேன். இன்னும் 1,300 பேர் மிச்சம்.