பாதியில் நிற்கும் சரக்கின் கணக்கு: அம்பத்தூர் மெஷின் ஷாப்பிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களுடையது நடுத்தர அளவு மெஷின் ஷாப். வண்டிகளுக்கான ஸ்டீல் பின்தான் முக்கிய வேலை. ராடை வெட்டி, சி.என்.சி.யில் டர்னிங், அப்புறம் டிரில்லிங். ஹீட் ட்ரீட்மென்ட் வெளியே. திரும்பி வந்ததும் கிரைண்டிங், கடைசியில் இன்ஸ்பெக்ஷன். இந்த வழியில் பாதியில் நிற்கும் சரக்கைப் பார்கோடு ஸ்கேன் செய்து கணக்கு வைக்கும் மென்பொருளை இரண்டு வருடத்துக்கு மேலாக ஓட்டுகிறோம். எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே முக்கியமில்லை. இந்த வகை மென்பொருள் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

நிறுவியவர்கள் ஒவ்வொரு மெஷினிலும் ஸ்கேன் வைத்தார்கள். திரையில் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஆபரேட்டர் கையில் கூலண்ட், முன்னால் ஓடுகிற மெஷின். ஷிப்ட் முடியும்போது லாட்டுகளோடு வரும் பார்கோடு கார்டுகளை எல்லாம் சேர்த்து 'பீப் பீப்' என்று அடித்துவிட்டுப் போய்விடுவார். நேரப் பதிவைப் பார்த்தால், நாள் முழுக்க நடந்த டர்னிங்கும் டிரில்லிங்கும் நான்கு நிமிடத்தில் முடிந்திருக்கும்! இப்போது சரக்கு ஒருவர் பொறுப்பிலிருந்து இன்னொருவர் பொறுப்புக்கு மாறும் இடங்களில் மட்டும் ஸ்கேன்: ஸ்டோர்ஸிலிருந்து ராடு இறங்கும்போது, ஹீட் ட்ரீட்மென்டுக்கு வண்டி ஏறும்போது, திரும்பி வரும்போது, இன்ஸ்பெக்ஷனுக்குள் நுழையும்போது. வாங்குகிறவர் எண்ணிப் பார்த்துத்தான் வாங்குவார், அதனால் எண்ணிக்கை நம்பும்படி இருக்கிறது. டர்னிங்குக்கும் டிரில்லிங்குக்கும் நடுவில் எத்தனை நிற்கிறது என்பது திரையில் தெரியாது. அங்கே சரக்கு ஒரு நாளுக்கு மேல் நிற்பதில்லை என்பதால் எனக்கு அது குறையாகப் படவில்லை.

அதிகம் உதைக்கிற இடம் ஹீட் ட்ரீட்மென்ட். கூலி கிலோ கணக்கு, எங்கள் கணக்கோ பீஸ். ஐந்நூறு பின்னை யாரும் உட்கார்ந்து எண்ண மாட்டார்கள். பத்து பின்னை எடைபோட்டு, ஒரு பின்னின் எடையால் மொத்த எடையை வகுப்பார்கள். எங்கள் பின் 84 கிராம், பத்து சேர்ந்தால் 840. பிளாட்ஃபாரம் தராசு 20 கிராம் படியாகத்தான் காட்டும், ஆகவே 10 கிராம் வரை பிசகலாம். 840-இல் 10 என்றால் 1.2 சதவீதம், ஐந்நூறு பின்னில் ஆறு பின். 'ஆறு பின் குறைகிறது' என்று டிரைவருடன் நடக்கும் சண்டைகளில் பாதி, உண்மையில் தராசின் படிதான். இப்போது ஐம்பது பின்னைக் கையால் எண்ணி எடைபோடுகிறோம். அதே 10 கிராம் பிசகு, ஐந்நூறுக்குச் சுமார் ஒரு பின்தான். அனுப்பும் முன் எண்ணெயை வடியவிடுவதும், காலி பெட்டியைத் தனியாக எடைபோட்டு அதன் மேலேயே எழுதிவைப்பதும் அவசியம்.

அங்கே இன்னொரு சிக்கல்: கார்டு ஃபர்னஸுக்குள் போகாது. எங்கள் இரண்டு லாட்டை ஒரே கூடையில் ஏற்றினால் வெளியே வருவது ஒரு குவியல்தான். எண் குத்திய இரும்பு வில்லையைக் கம்பியில் கட்டி அனுப்புகிறோம், கூடைக்கு ஒரு லாட் என்று சலானிலேயே எழுதிவிடுகிறோம். ஜாப் வொர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்ற ஜி.எஸ்.டி. விதியும் இருப்பதால், சலான் வாரியாக பாக்கியைக் காட்டும் திரை மட்டுமே மென்பொருளுக்குக் கொடுத்த காசுக்குப் போதும்.

ரீவொர்க்கை இந்த மென்பொருள் சரியாகக் கையாளவில்லை. 492 பின் கிரைண்டிங்குக்குப் போனது. 18 பின்னில் அளவு கூடுதல் என்று இன்ஸ்பெக்ஷன் திருப்பிவிட்டது. மறுபடி கிரைண்டிங் செய்து வந்ததும் அதே கார்டில் ஸ்கேன் ஆக, இன்ஸ்பெக்ஷனுக்குள் வந்தது 510 என்று பதிவாகிவிட்டது. ஒரு கட்டத்துக்குள் போனதைவிட வெளியே வந்தது அதிகமாக இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். திரும்பும் பின்னுக்கு லாட் எண்ணின் கடைசியில் R சேர்த்து மஞ்சள் கார்டு போடுகிறோம், மூல லாட்டில் அந்த 18-ஐக் கழித்துவிடுகிறோம். மென்பொருளில் இதற்குத் தனி வழி இல்லை. கையால்தான் செய்ய வேண்டும்.

சனிக்கிழமைதோறும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பேன். நாளுக்கு 400 பின் அனுப்புகிறோம், ஒரு லாட் உள்ளே நுழைந்து வெளியேற ஒன்பது நாள் என்று கார்டுகள் சொல்கின்றன. அப்படியானால் பாதியில் நிற்பது சுமார் 3,600 இருக்க வேண்டும். திரை 6,000 காட்டினால், எங்கோ மூடாமல் விட்ட லாட்டுகள் இருக்கின்றன. முதலில் ரிஜெக்ஷன் பெட்டிக்குத்தான் போவேன், ஸ்கிராப் பதிவு போடாத பின் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.