திருகோணமலையில் நவராத்திரிப் பூ ஓடர்: ஒரு பூக்கடை அறிவித்தலும் அதன் திகதிகளும்

2025 புரட்டாதியில் ஊருக்குப் போயிருந்தபோது நான் பயன்படுத்திய சேவைகளில், மற்றவர்களுக்கும் பயன்படும்படி விரிவாக எழுதத் தக்கது ஒரு பூக்கடையின் முன்கூட்டிய ஓடர் முறைதான். நவராத்திரிக்குக் கட்டிய பூமாலை ஒன்றின் படத்துக்குக் கீழே அந்தக் கடையினர் இட்டிருந்த சில வரிகளை முதலில் அப்படியே தருகிறேன்.

“நவராத்திரி நிறைவு வாரத்துக்கான பூ ஓடர்கள் ஏற்கப்படுகின்றன. விநியோகம் செப்டம்பர் 29 திங்கள் முதல் ஒக்டோபர் 2 வியாழன் வரை. செவ்வந்தி, ரோஜா மாலைகளுக்குச் செப்டம்பர் 25 வியாழன் மாலை 6 மணியுடன் ஓடர் நிறைவடையும். தாமரை வேண்டுவோர் தேவையான நாளுக்கு இரண்டு நாட்கள் முன்பும், மல்லிகைச் சரமும் உதிரிப்பூவும் வேண்டுவோர் முதல் நாள் பகல் 12 மணிக்கு முன்பும் அறிவிக்கவும். காலை விநியோகம் 5.30 முதல் 7.30 வரை: மாலை, தாமரை, உதிரிப்பூ. மாலை விநியோகம் 3.30 முதல் 5.30 வரை: மல்லிகைச் சரம், மாலை. உவர்மலை, பாலையூற்று, அன்புவழிபுரம், உப்புவெளிக்கு இரு வேளையும். நிலாவெளிக்கு மாலை வேளை மட்டும். அரைவாசி முற்பணம் கிடைத்த பின்னரே ஓடர் உறுதி. எல்லாம் இலங்கை நேரம்.”

வெளிநாட்டிலிருந்து படிப்பவர்கள் இதில் முதலில் வியப்பது, ஒரே கடையில் ஒரே வாரத்துக்கு ஏன் மூன்று வெவ்வேறு இறுதி நேரங்கள் என்பதைத்தான். நானும் கடைக்காரப் பெண்மணியிடம் அதையே கேட்டேன். செவ்வந்தியும் ரோஜாவும் மலைநாட்டிலிருந்து வருகின்றன. அவர் வெள்ளிக்கிழமை காலையில் அங்குள்ள தோட்டக்காரருக்குத் தொலைபேசியில் கணக்குச் சொன்னால்தான் அவை பெட்டிகளில் அடுக்கப்பட்டுத் தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஞாயிறு இரவுக்குள் திருகோணமலை வந்து சேரும். வியாழன் மாலைக்குப் பிறகு வரும் ஓடரை ஏற்றுக்கொண்டால், வந்த பெட்டியிலிருந்து வேறொருவருக்குரியதை எடுத்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். செவ்வந்தி தண்ணீரில் நின்றால் பல நாட்கள் தாங்குவதால் முன்கூட்டி எடுத்து வைப்பதில் அவருக்கு நட்டமில்லை; ரோஜாவை மட்டும் தேவைக்கு மேல் ஒரு கட்டுக்கூட அவர் வரவழைப்பதில்லை.

மல்லிகையின் கதை வேறு. அது உள்ளூர்ப் பூ. விடியுமுன் மொட்டாகப் பறித்து, முற்பகலில் சரமாகக் கட்டி, மாலையில் கொண்டு சேர்த்தால், விளக்கேற்றும் நேரத்தில் மொட்டு விரிந்து மணம் பரவும். பூப்பறிப்பவர்களுக்கு முதல் நாள் பிற்பகலில் அளவு சொல்லியாக வேண்டும் என்பதாலேயே பகல் 12 மணி இறுதி நேரமாகிறது. அதே காரணத்தால்தான் மல்லிகைச் சரம் மாலை விநியோகத்தில் மட்டும் இருக்கிறது. அதிகாலைப் பூசைக்குச் சரம் வேண்டும் என்று ஒருவர் வற்புறுத்தினால், முந்திய நாள் பறித்த பூவைத்தான் கொடுக்க முடியும். பழைய சரத்தை அடையாளம் காண்பதற்கு அம்மா எனக்குச் சொல்லித் தந்த வழி எளிது: காம்போடு சேரும் இடம் பழுப்பேறியிருக்கும், பையைத் திறந்தவுடன் மல்லிகை மணத்துக்கு முன் ஒரு புளித்த வாடை வரும். இந்தக் கடையினர் சரத்தை வாழையிலையில் சுற்றிக் கொடுக்கிறார்கள். திருகோணமலையின் புரட்டாதி வெயிலில் பொலித்தீன் பைக்குள் பூ வியர்த்துப் போய்விடும் என்பதை அறிந்தவர்கள் செய்கிற வேலை அது.

தாமரை சுற்றுவட்டாரக் குளங்களிலிருந்து வருகிறது. குளத்தில் இறங்கிப் பறிப்பவர் ஒருவரே பல கடைகளுக்கும் கொடுப்பதால், இரண்டு நாட்கள் முன்பே சொல்லி வைக்காவிட்டால் அவருடைய பங்கு வேறு கடைக்குப் போய்விடும்.

இந்த முறை நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதை ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணனின் ஓடரைக் கொண்டு சொல்கிறேன். எங்கள் ஊரில் நவராத்திரிக்குக் கும்பத்துமால் அமைத்து வழிபட்டு, நிறைவில் கும்பங்களை வீதிவலமாகக் கொண்டு செல்லும் வழக்கம் இருப்பதை எம்மவர்கள் அறிவார்கள். எங்கள் அயலில் உள்ள கும்பத்துமாலுக்குச் சரஸ்வதி பூசை நாளில் பூ உபயம் செய்ய அண்ணன் விரும்பினார். இரண்டு செவ்வந்தி மாலை, பதினைந்து தாமரை, பத்து முழம் மல்லிகைச் சரம், “ஒன்பதாம் நாளுக்கு” என்று அவர் கடைக்கு நேரடியாக வாட்ஸ்அப்பில் எழுதினார். அது வியாழக்கிழமை, ரொறன்ரோவில் காலை 7 மணி. இங்கே மாலை 4.30. இறுதி நேரமான மாலை 6 மணி அங்கே காலை 8.30 ஆகும். இலண்டனில் இருப்பவருக்கு அது பகல் 1.30, சிட்னியில் இருப்பவருக்கு இரவு 10.30. “எல்லாம் இலங்கை நேரம்” என்ற மூன்று சொற்களைக் கடைக்காரர் போடாமல் விட்டிருந்தால், கனடாவில் வேலை முடிந்து வீடு திரும்பிய பின் ஓடர் அனுப்பும் எத்தனையோ பேர், திகதி இன்னும் 25தான் என்று நினைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை அதிகாலையில் இவருடைய தொலைபேசியை ஒலிக்க வைத்திருப்பார்கள்.

அண்ணனுக்கு வந்த பதில் இப்படி இருந்தது: “அண்ணா, ஒன்பதாம் நாள் எண்டு போடாதீங்கோ, திகதியைச் சொல்லுங்கோ. செப்டம்பர் 30 செவ்வாயா, ஒக்டோபர் 1 புதனா?” கேள்வி நியாயமானது. அந்த ஆண்டு நவராத்திரி அமாவாசைக்கு மறுநாளான செப்டம்பர் 22 திங்களன்று தொடங்கியது. ஒரு திதி இரண்டு நாட்களின் சூரிய உதயத்தைத் தொட்டு நீண்டதால், நவமி ஒக்டோபர் 1 புதனுக்கும் விஜயதசமி 2 வியாழனுக்கும் வந்தன. தொடக்க நாளிலிருந்து விரல் விட்டு எண்ணினால் ஒன்பதாம் நாள் செவ்வாய். திதியைப் பார்த்தால் நவமி புதன். போதாததற்கு, வாக்கிய பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவோரும் திருக்கணித பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவோரும் ஒரே ஊரில் இருக்கிறோம். பூக்கடைக்கு எண்ணோ திதியோ சொல்வதில் பயனில்லை. திகதியும் கிழமையும் சேர்த்துச் சொன்னால்தான் பூ உரிய நாளில் வாசலுக்கு வரும். கும்பத்துமால் நடத்துபவரிடம் கேட்டு, புதன் என்று நான் உறுதி செய்தேன்.

அடுத்த சிக்கல் விநியோக வேளை. அறிவித்தலின்படி தாமரை காலையிலும் மல்லிகை மாலையிலும் வர வேண்டும். அப்படியானால் ஒரே ஓடருக்கு இரண்டு விநியோகம், இரண்டு கட்டணம். எல்லாவற்றையும் மாலையிலேயே தர முடியாதா என்று கேட்டதற்கு அந்தப் பெண்மணி மேசையிலிருந்த ஒரு தாமரையை எடுத்துக் காட்டினார். வெளி இதழை நுனி உள்ளே போகும்படி மடித்து, அடுத்த இதழை அதன் இடைவெளியில் மடித்து, சுற்றி வரும்போது மொட்டு ஒரு விரிந்த பூவாகிவிடுகிறது. காலையில் மடித்து வைத்திருந்த இன்னொன்றையும் காட்டினார். மடிப்பு விழுந்த கோட்டில் இதழ் கறுக்கத் தொடங்கியிருந்தது. மடித்த தாமரையை மாலை வரை வைத்துக் கொடுப்பது தன் கடைக்குப் பெயர் கெடும் வேலை என்றார். மடிக்காத மொட்டாகவே, நீண்ட தண்டோடு தந்தால் எடுப்பீர்களா என்று அவரே கேட்டார். தண்ணீர் நிறைந்த வாளியில் நிறுத்தி வைத்து, பூசைக்குச் சற்று முன் வீட்டில் மடித்துக் கொள்ளலாம். அம்மாவுக்கு அது கைவந்த வேலை என்பதால் மாலை விநியோகம் ஒன்றே போதுமாயிற்று. இந்த வசதி இருப்பதை அறிவித்தலில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கலாம். கேட்பவருக்கு மட்டும் கிடைப்பதாக அது இருக்கக் கூடாது.

முற்பணத்தை அண்ணன் கனடாவிலிருந்து அனுப்பியிருந்தால் அது கடையின் கணக்கில் விழுவதற்குள் இறுதி நேரம் கடந்திருக்கும். நான் நேரில் சென்று காசாகக் கொடுத்துப் பற்றுச்சீட்டைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். ஊரில் கொடுப்பதற்கு ஆள் இல்லாதவர்கள் குறைந்தது ஒரு வாரம் முன்பே பணத்தை அனுப்பிவிட்டு, ஓடரைப் பின்னர் எழுதுவது நல்லது.

புதன்கிழமை பூ 4.45 அளவில் வந்தது. விநியோகத்துக்கு ஒரே ஒரு முச்சக்கர வண்டி. நிலாவெளிப் பக்கத்து ஓடர்கள் தனிச்சுற்று. பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் வாணி விழா நடக்கும் காலம் என்பதால் காலை வேளை முழுவதையும் அவை எடுத்துக்கொள்கின்றன என்றும், வீடுகளுக்கு மாலை வேளையே நம்பகமானது என்றும் ஓட்டுநர் சொன்னார். முந்திய வருகையில் வேறொரு கடையில் “பின்னேரத்துக்குள் வரும்” என்ற உறுதியை நம்பியிருந்து, தீபாராதனை முடிந்து பிரசாதம் பகிரும் நேரத்தில் மாலையைப் பெற்றோம். இரண்டு மணி நேரம் என்று எல்லை வகுத்துச் சொல்வதன் அருமை அப்படிக் காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

குறையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மாலையின் நீளம் அறிவித்தலில் எங்கும் இல்லை. “நடுத்தர மாலை” என்று அவர்கள் எழுதிக்கொண்டது கும்பத்துக்குச் சரியாக இருந்தது. ஆனால் எங்கள் வீட்டுச் சரஸ்வதி படத்துக்கு வாங்கிய அதே அளவு மாலை சட்டத்தின் கீழ் விளிம்பைத் தாண்டித் தரையில் கிடந்தது. படத்தின் மேல் மூலை ஒன்றிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, மாலையின் கீழ்முனை வர வேண்டிய இடத்தைத் தொட்டு மற்ற மூலை வரை அளந்து, அந்த அளவை அடியிலோ சென்ரிமீற்றரிலோ எழுதி அனுப்பினால் அதன்படியே கட்டித் தருவதாக அவர் பின்னர் சொன்னார். ஓடரை இடைநடுவில் மாற்றினால் முற்பணம் என்னாகும் என்பதும் எழுதப்படவில்லை. மலைநாட்டுப் பூவுக்குத் திருப்பித் தருவதில்லை, உள்ளூர்ப் பூவுக்கு இறுதி நேரத்துக்கு முன் சொன்னால் திருப்பித் தருவோம் என்பது வாய்மொழியாகக் கிடைத்த விளக்கம்.

ஒக்டோபர் 20 திங்களன்று வந்த தீபாவளிக்கும் அவர்கள் இதே முறையைத்தான் வைத்திருந்தார்கள். முந்திய இரு நாட்களும் வார இறுதி என்பதால் செவ்வந்திக்கான இறுதி நேரத்தை 15ஆம் திகதி புதன் மாலைக்கு முன்தள்ளியிருந்தார்கள். அந்த அறிவித்தலில் மாலைகளின் நீளம் அடிக்கணக்கில் இருந்தது.