டிவி 60, யூடியூப் 45, மெட்டா 40: மொத்தம் எத்தனை பேர்?

மீடியா பிளானிங்கில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். கேம்பெயின் முடிந்ததும் ரீச்சை, அதாவது விளம்பரம் எத்தனை சதவீதம் பேரைத் தொட்டது என்பதை, டிவி ரிப்போர்ட் ஒன்று சொல்லும், கூகுள் ஒன்று சொல்லும், மெட்டா ஒன்று சொல்லும். கிளையன்ட் மூன்றையும் கூட்டி 145 சதவீதம் என்று பார்த்துவிட்டு, "இதுல நிஜமா எத்தனை பேர் சார்?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஒரே ஆள் ராத்திரி சீரியல் இடைவேளையில் விளம்பரத்தைப் பார்த்து, மறுநாள் பஸ்ஸில் யூடியூபில் பார்த்து, மதியம் இன்ஸ்டாவிலும் பார்த்தால் மூன்று ரிப்போர்ட்டிலும் மூன்று ஆளாக நிற்பார். மூன்று கம்பெனிகளும் தங்கள் ஆட்களின் பட்டியலை ஒன்றுக்கொன்று காட்டப்போவதில்லை, அதனால் இதை எண்ண முடியாது, மதிப்பிடத்தான் முடியும். பல வருஷமாக இதை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் செய்துவருகிறேன். அந்த முறையின் நல்லது கெட்டதுதான் இந்தப் பதிவு.

எல்லாரும் ஆரம்பிப்பது செயின்ஸ்பரி ஃபார்முலாவில். ஒவ்வொரு மீடியாவிலும் சிக்காதவர்களின் பங்கைப் பெருக்கி, 1-லிருந்து கழிப்பது, அவ்வளவுதான்.

```
=1-(1-B2)*(1-C2)*(1-D2)
```

60%, 45%, 40% என்று போட்டால் 86.8% வரும். உதாரணத்துக்கு ஒரு நகரத்தில் 25 முதல் 44 வயது வரையிலான பெண்கள் 10 லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம் (கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று உருட்டிய எண்கள்தான் எல்லாம்). அப்படியானால் 8,68,000 பேர். ஏஜென்சி பிரசன்டேஷன்களில் வரும் மொத்த ரீச் பெரும்பாலும் இந்த ஃபார்முலாவோ இதன் ஒன்றுவிட்ட தம்பியோதான்.

இதற்குள் ஒளிந்திருக்கும் அனுமானம், ஒரு மீடியாவைப் பார்ப்பதற்கும் இன்னொன்றைப் பார்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பது. டிவிக்கும் யூடியூபுக்கும் ஓரளவு ஓடும். யூடியூபுக்கும் மெட்டாவுக்கும் ஓடவே ஓடாது, ஏனென்றால் இரண்டும் ஒரே ஃபோனில்தான் இருக்கின்றன. அந்த 10 லட்சத்தில் கையில் ஸ்மார்ட்ஃபோன் உள்ளவர்கள் 7 லட்சம் என்றால், மீதி 3 லட்சத்துக்கு இரண்டுமே பூஜ்யம். ஃபார்முலா இந்த 3 லட்சத்தையும் சேர்த்து "யூடியூப் பார்க்காதவரிலும் 40 சதவீதம் பேர் மெட்டா பார்ப்பார்" என்று எடுத்துக்கொள்கிறது. இங்கேதான் ரீச் ஊதிப்போகிறது.

அதனால் நான் செய்வது, ஜனத்தொகையை முதலில் இரண்டு அறையாகப் பிரித்து, ஃபார்முலாவை அறைக்குள் மட்டும் ஓட்டுவது. ஃபோன் அறையில் மொத்த ஜனத்தொகையில் 70 சதவீதம், அதாவது 70 புள்ளி. யூடியூபில் சிக்காதவர் 25, மெட்டாவில் சிக்காதவர் 30. இரண்டிலும் சிக்காதவர் 25 × 30 / 70, அதாவது 10.7. ஆக டிஜிட்டல் ரீச் 59.3. பிரிக்காமல் போட்டிருந்தால் 67 வந்திருக்கும். கிட்டத்தட்ட 77,000 பேர் காற்றில் பிறந்தவர்கள்.

அடுத்து டிவி. இதையும் அறைவாரியாகப் பிரிக்க வேண்டும். மாதிரி வீடுகளில் டிவி பார்ப்பதைப் பதியும் பேனல் டேட்டாவில் அந்தப் பிரிவு கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் எந்தச் சேனல் பார்க்கிறார்கள், ஸ்மார்ட்ஃபோன் உண்டா என்று மட்டும் கேட்கும் சின்ன சர்வே போதும். அதில் வரும் விகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மொத்தம் 60 வருமாறு சரிக்கட்டிவிடலாம். ஃபோன் உள்ளவரில் 57 சதவீதம், இல்லாதவரில் 67 சதவீதம் என்று வைத்தால் மொத்தம் 60 வருகிறது. இப்போது எதிலுமே சிக்காதவர்கள்: ஃபோன் அறையில் 10.7-இல் 43 சதவீதம், அதாவது 4.6, மற்ற அறையில் 30-இல் 33 சதவீதம், 9.9. கூட்டினால் 14.5. ரீச் 85.5.

"இவ்வளவு பாடுபட்டு 86.8 எங்கே, 85.5 எங்கே, ஒரு புள்ளிதானே" என்று தோன்றும். எனக்கும் இந்த மொத்தத்தில் பெரிய ஆர்வம் இல்லை. ஃபோன் இல்லாதவர்களிடம் டிவி கொஞ்சம் அதிகமாகப் போவதால் ஒரு பிழையை இன்னொன்று சாப்பிட்டுவிடுகிறது, அவ்வளவுதான். பட்ஜெட்டைத் தீர்மானிப்பது ஒவ்வொரு மீடியாவும் புதிதாகச் சேர்த்தது எவ்வளவு என்பது. டிவியும் யூடியூபும் ஏற்கெனவே ஓடும்போது மெட்டா சேர்த்தது பழைய ஃபார்முலாவில் 78-லிருந்து 86.8, அதாவது 8.8 புள்ளி. அறை பிரித்த கணக்கில் 79.4-லிருந்து 85.5, கிட்டத்தட்ட 6.1. மெட்டாவுக்கு 5 லட்சம் ரூபாய் செலவு என்றால், புதிய ஆள் ஒருவருக்கு 5 ரூபாய் 70 காசு என்று நினைத்தது உண்மையில் 8 ரூபாய்க்கு மேல். இன்னொன்று, விட்டுப்போன 14.5-இல் 9.9 புள்ளி ஃபோன் இல்லாதவர்கள். டிஜிட்டலில் எவ்வளவு கொட்டினாலும் அவர்களில் ஒருவர்கூட வரமாட்டார். ஒரே எண்ணாகச் சொல்லும் ரிப்போர்ட்டில் இது தெரியவே தெரியாது.

சரி, ஃபோன் அறைக்குள் மட்டும் சம்பந்தமில்லை என்ற அனுமானம் நிற்குமா? நிற்காது. எப்போதும் ஃபோனும் கையுமாக இருப்பவர் இரண்டிலும் சிக்குவார், எப்போதாவது தொடுபவர் இரண்டிலும் தப்புவார். போதாததற்கு, இரண்டு தளத்தின் அல்காரிதமும் "வாங்கக்கூடியவர்" என்று ஒரே ஆட்களையே துரத்துகின்றன. இந்த ஒட்டுறவை ஒரே பெருக்கெண்ணில் பிடிக்கலாம் என்று குட்ஹார்ட்டும் எஹ்ரன்பர்க்கும் 1969-இலேயே டிவி சேனல்களை வைத்துக் காட்டினார்கள்: இரண்டையும் பார்ப்பவர் விகிதம் = D × முதலாவதன் ரீச் × இரண்டாவதன் ரீச். D 1 என்றால் சம்பந்தமில்லை, அதற்கு மேல் போனால் ஒட்டுறவு. அந்த D-ஐ எங்கே போய்த் தேடுவது என்பதுதான் வேலையே.

எனக்கு ரொம்பப் பிரயோஜனப்பட்ட தந்திரம் இது, காசும் ஆகாது. மெட்டாவின் ஆட்ஸ் மேனேஜரில் ரீச்சை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் என்று தளவாரியாகப் பிரித்துப் பாருங்கள். தனித்தனி ரீச்சும் தெரியும், மேலே மெட்டாவே இரட்டிப்பு நீக்கித் தரும் மொத்தமும் தெரியும். ஃபேஸ்புக் 30, இன்ஸ்டா 25, மொத்தம் 40 என்றால் இரண்டிலும் இருப்பவர் 15. ஃபோன் அறைக்குள் சம்பந்தமில்லை என்று போட்டிருந்தால் 30 × 25 / 70, அதாவது 10.7 தான் வந்திருக்க வேண்டும். ஆக D சுமார் 1.4. ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாவையும் ஒரே கம்பெனி ஒரே அல்காரிதத்தில் ஓட்டுவதால் யூடியூப்–மெட்டா ஒட்டுறவு இதைவிடக் குறைவாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, 1.4-ஐ மேல் எல்லையாகவும் 1-ஐ கீழ் எல்லையாகவும் வைத்துக்கொள்கிறேன்.

1.4 போட்டால் யூடியூப், மெட்டா இரண்டிலும் இருப்பவர் 36 ஆகி, டிஜிட்டல் ரீச் 49-க்கு இறங்கிவிடும். மூன்றும் சேர்த்து மொத்தம் 81. மெட்டா புதிதாகச் சேர்த்தது 1.7 புள்ளி! புதிய ஆளுக்கு 29 ரூபாய். ஆகவே நான் கொடுக்கும் பதில் "மொத்தம் 81-லிருந்து 85.5, மெட்டாவின் பங்கு 1.7-லிருந்து 6.1" என்பது. ஒற்றை எண் கேட்டுப் பழகிய கிளையன்டுகளுக்கு இது பிடிப்பதில்லை. ஆனால் பழைய 8.8 இந்த எல்லைக்குள்ளேயே இல்லை என்று காட்டினால் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும். இரண்டு தளத்திலும் ஒரே கஸ்டமர் லிஸ்டை ஏற்றி ரீமார்க்கெட்டிங் செய்தால் இந்த எல்லையும் பலிக்காது, அங்கே 1.4 கூடப் போதாது.

இத்தனைக்கும் அடியில் ஒரு கறை இருக்கிறது. தளங்கள் தரும் ரீச்சே ஆட்கள் கணக்கு இல்லை. மெட்டா தருவது அக்கவுண்ட்ஸ் சென்டர் கணக்குகள். ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாவையும் இணைக்காத ஒருவர் இரண்டு பேராகவே விழுவார், அதனால் மேலே வந்த 1.4 கூடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். 2017-இல் பிரையன் வீசர் என்ற அனலிஸ்ட், அமெரிக்காவில் 18–24 வயதினர் 4.1 கோடிப் பேரை அடையலாம் என்று ஃபேஸ்புக் சொல்ல, சென்சஸில் அந்த வயதினர் 3.1 கோடிதான் என்று எடுத்துக்காட்டினார். அது விளம்பரம் போடும் முன் காட்டும் மதிப்பீடுதான், ஓடி முடிந்த ரீச் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து எந்த ரீச்சையும் அந்த வயது, பாலின ஜனத்தொகையோடு ஒப்பிடாமல் ஷீட்டில் ஏற்றுவதில்லை. ஃபோன் உள்ள 7 லட்சத்தில் 6.8 லட்சம் பேர் பார்த்ததாக ஒரு தளம் சொன்னால் சந்தேகப்பட வேண்டும். யூடியூபில் பிரச்சினை தலைகீழ். வீட்டு டிவியில் ஓடும் யூடியூபை நாலு பேர் உட்கார்ந்து பார்த்தாலும் லாகின் ஒன்றுதான், அதை என் ஷீட் கையாள்வதே இல்லை.

அப்புறம் "பார்த்தார்" என்பதும் ஆளுக்கொரு அர்த்தம். டிவி பேனல் நிமிடக் கணக்கில் போகும். மெட்டாவில் விளம்பரம் திரைக்குள் வந்தாலே போதும், வீடியோ ஓட ஆரம்பிக்கக்கூட வேண்டாம். இதைச் சரிசெய்ய நான் முயல்வதில்லை, ரிப்போர்ட்டின் அடியில் எழுதிவிடுகிறேன். தேதிகள் மட்டும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். வார ரீச் நான்கைக் கூட்டி மாத ரீச் என்று யாராவது அனுப்பினால் திருப்பி அனுப்புங்கள், அது ஒரே தளத்துக்குள்ளேயே நடக்கும் இரட்டிப்பு.

ரெடிமேட் டூல் ஒன்றையும் கொஞ்ச காலம் காசு கொடுத்து வைத்திருந்தோம், பெயர் வேண்டாம். மூன்று ரிப்போர்ட்டையும் ஏற்றினால் அழகான வென் படம் வரும். ஒட்டுறவை எந்த டேட்டாவிலிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டால் "எங்கள் மாடல்" என்பதைத் தாண்டி பதில் வரவில்லை. பிறகு அதில் 60, 45, 40 மாதிரி எண்களைக் கொடுத்துப் பார்த்தோம், 86.8 என்றே காட்டியது. அடுத்த வருஷம் புதுப்பிக்கவில்லை. நீங்களும் டூல் வாங்கும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்து பாருங்கள், ஐந்து நிமிஷம் ஆகாது.

பெரிய முயற்சிகளும் நடக்கின்றன. பிரிட்டனில் விளம்பரதாரர்களின் சங்கமான ஐஸ்பா நடத்தும் ஆரிஜின், அமெரிக்காவில் அக்விலா. தளங்கள் ஆட்களின் அடையாளத்தைக் காட்டாமல், ஒவ்வொரு பார்வையையும் பொதுவான ஒரு கற்பனை ஜனத்தொகையில் உள்ள "மெய்நிகர் ஆள்" ஒருவருக்கு ஒதுக்குகின்றன, எல்லாத் தளமும் ஒரே கற்பனை ஆட்களைப் பயன்படுத்துவதால் இரட்டிப்பு தானாகக் கழிகிறது. எந்தப் பார்வை எந்தக் கற்பனை ஆளுக்குப் போக வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுக்க நிஜ மனிதர்களின் பேனல் ஒன்று வேண்டும். தனி ஏஜென்சி ஒன்றால் அப்படிப் பேனல் கட்ட முடியாது. அதனால் எங்கள் வேலைக்கு இரண்டு அறையும் ஒரு D-யும்தான் இப்போதைக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு கேம்பெயின் முடிவிலும் ஃபேஸ்புக்–இன்ஸ்டா பிரிவை எடுத்து அந்த D-ஐ மட்டும் திருத்திக்கொள்கிறோம்.