பிடித்துக்கொண்டு போவதா, முறைவைத்து அழைப்பதா?

18ஆம் நூற்றாண்டில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் ஒரே தலைவலி. போர் வந்தால் கடற்படைக்குப் பல மடங்கு ஆள் வேண்டும். ஆனால் புயலில் மேலேறிப் பாய் சுருட்டுபவனைச் சில வாரங்களில் பழக்கி எடுக்க முடியாது. வேலை தெரிந்தவர்கள் வணிகக் கப்பல்களில் இருந்தார்கள். அவர்களைக் கொண்டுவருவதில் இரண்டு நாடுகளும் வேறு வேறு வழியில் போயின.

பிரான்சின் வழி பதிவேடு. பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் தொடங்கியது. கடலோர ஊர்களின் மாலுமிகள், மீனவர்கள் எல்லோருடைய பெயரையும் எழுதி, பகுதியைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு வகுப்பும் முறைவைத்து ஓராண்டு அரசர் கப்பலில் வேலை பார்க்க வேண்டும். சம்பளத்தில் சிறு பிடித்தம் செய்து, ஊனமுற்றவர்களுக்கு உதவ 1673இல் ஒரு நிதியும் வைத்தார்கள். தன் முறை எப்போது வரும் என்று மாலுமிக்குத் தெரியும். குடும்பம் அதற்குத் தகுந்தபடி திட்டமிடலாம்.

பிரிட்டனிடம் அப்படி எதுவும் இல்லை. 1696இல் தன்விருப்பப் பதிவேடு ஒன்றைத் தொடங்கி, சில ஆண்டுகளில் கைவிட்டார்கள். அப்புறம் நம்பியது ‘பிரெஸ் கேங்’ என்ற ஆள்பிடிப்புக் குழுவை. கையில் ஆணையோடு ஒரு லெப்டினன்ட், கூடவே தடி பிடித்த சிலர், துறைமுகத்தில் ஒரு மதுக்கடைதான் முகாம். தெருவில் யாரையும் இழுத்துப் போனார்கள் என்பது பாதிக் கதை. சட்டப்படி கடல் தொழில் தெரிந்தவனைத்தான் பிடிக்கலாம். பயிற்சியில் இருப்பவர், வெளிநாட்டவர் போன்றவர்களுக்கு விலக்குச் சீட்டு உண்டு. நெருக்கடி முற்றினால் பல சீட்டுகள் செல்லாது.

உண்மையில் நல்ல அறுவடை கடலில்தான். இரண்டு ஆண்டு கழித்து இந்தியாவிலிருந்து திரும்பும் வணிகக் கப்பல், இங்கிலாந்துக் கரை கண்ணுக்குத் தெரியும் நேரத்தில், போர்க்கப்பலால் நிறுத்தப்படும். தேர்ந்த மாலுமிகளைப் பொறுக்கிக்கொண்டு, கப்பலைத் துறைமுகம் சேர்க்க மாற்று ஆட்களை ஏற்றி அனுப்புவார்கள். வீட்டு வாசல் வரை வந்து திரும்பிப் போவதுதான் இந்த முறையின் கொடுமை. பிடிபட்டவனிடம், “தானாக வந்ததாகச் சொல், ஊக்கத்தொகை தருகிறோம்” என்பார்கள். பலர் ஒப்புக்கொண்டார்கள். அதனால் கப்பல் பதிவுகளில் ‘தொண்டர்’ என்றிருப்பதை அப்படியே நம்ப முடியாது.

சரி, எது வேலை செய்தது? நியாயம் பிரெஞ்சு முறைக்கு, ஆட்கள் பிரிட்டிஷ் முறைக்கு. பிரெஞ்சுப் பதிவேட்டில் இருந்தவர்கள் சுமார் 60,000 பேர்தான். பெரிய போரில் எல்லா வகுப்புகளையும் ஒரே நேரத்தில் அழைக்க நேர்ந்து, முறை என்பதே காகிதத்தோடு நின்றது. சம்பளமும் மாதக்கணக்கில் பாக்கி. பிரிட்டிஷார் இந்தப் பலவீனத்தைப் புரிந்துகொண்டு, போர் அறிவிக்கும் முன்பே, 1755இல் சுமார் 300 பிரெஞ்சு வணிகக் கப்பல்களைப் பிடித்து ஆயிரக்கணக்கான மாலுமிகளைச் சிறைவைத்தார்கள். மாலுமி போனால் அவன் இடத்தை நிரப்ப ஆளில்லை. 1783இல் நம் கடலூர்க் கரையில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன் பிரிட்டிஷாரோடு போரிட்டபோது, ஆள் குறைவை ஈடுகட்டத் தரைப்படையிலிருந்து 1,200 பேரை ஏற்ற வேண்டியிருந்தது.

பிரிட்டனின் பலவீனம் வேறு. பிடித்து வந்தவன் ஓடுவான். பிரான்சோடு 1793இல் தொடங்கிய போரில் 42,000 பேர் ஓடிவிட்டதாகப் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் கணக்குச் சொன்னார். அதனால் கரையில் இறங்க விடுமுறை தர மறுத்தார்கள், அது மேலும் ஓடத் தூண்டியது. சம்பளமோ 1653இல் நிர்ணயித்ததுதான், 1797 வரை ஏறவே இல்லை.

ஒழுங்கு நடவடிக்கையில் வேறுபாடு இன்னும் சுவையானது. பிரிட்டிஷ் கப்பலில் குற்றவாளியை மரச்சட்டத்தில் கட்டி, எல்லோர் முன்னிலையிலும் சட்ட விதியைப் படித்து, ஒன்பது வால் சவுக்கால் அடிப்பார்கள். கேப்டன் தன் அதிகாரத்தில் 12 அடிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அதை யாரும் மதிக்கவில்லை. ‘ஹெர்மியோனி’ கப்பலின் கேப்டன் ஹியூ பிகாட், பாய்மரத்திலிருந்து கடைசியாகக் கீழிறங்குபவனுக்குச் சவுக்கடி என்று அறிவித்தார். அவசரத்தில் மூன்று பேர் மேலிருந்து விழுந்து செத்தார்கள். 1797 செப்டம்பரில் மாலுமிகள் அவரைக் கொன்றுவிட்டார்கள்.

ஆனால் அதே ஆண்டு இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் என்ற கடற்படை நங்கூரத்துறையில் கலகம் செய்த மாலுமிகள் சவுக்கை ஒழிக்கக் கேட்கவில்லை. சம்பளம், சாப்பாடு, நோயாளிகளுக்குக் கவனிப்பு, கரையிறங்க அனுமதி, கொடுமைக்கார அதிகாரிகளை மாற்றுவது: கேட்டது இவ்வளவுதான். பிரான்சில் இதற்கு நேர் எதிர். 1790இல் புரட்சி அரசு, கடற்படைக்கெனக் குற்றவியல் சட்டம் ஒன்று கொண்டுவந்து, மாலுமிகளுக்கு நடுவர் குழு விசாரணை கூடக் கொடுத்தது. ஆனாலும் பிரெஸ்ட் துறைமுகத்தில் கலகம் வெடித்தது. காரணம், அந்தச் சட்டம் சிறு குற்றத்துக்கு விதித்த தண்டனை: காலில் மாட்டும் வளையமும் அதில் தொங்கும் சங்கிலியும். வலி பெரிதல்ல, கைதிகளைப் போலத் தங்களை நடத்துவதாகக் கொதித்தார்கள். கலகத்தை அடக்க முடியாமல் அங்கிருந்த கப்பற்படையின் தளபதி அல்பேர் த ரியோன்ஸ் பதவி விலகினார்.