மாணவர்களே எழுதி, மாணவர்களே பதில் சொல்லும் கேள்விகள்: மொரிஷியஸ் தமிழ் வகுப்பில் பல தவணைகளுக்குப் பிறகு

ஒரு பாடம் முடிந்ததும் ஒவ்வொரு மாணவரும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒரு கேள்வி எழுதுவார், மற்றவர்கள் அதற்குப் பதில் சொல்வார்கள். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான பியர்வைஸ், மூடில் என்ற இணையக் கற்றல் தளத்துக்கான ஸ்டூடண்ட்குவிஸ் போன்ற மென்பொருள்களில் இதைச் செய்யலாம். இருபது இருபத்தைந்து பேர் உள்ள வகுப்புக்குத் துண்டுச்சீட்டுகளே போதும். இதன் பலன் ஏறக்குறைய முழுவதும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: தவறான விடைகளை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்.

"நான்கு விடைகளுடன் ஒரு கேள்வி எழுதுங்கள்" என்று மட்டும் சொன்னால், பிள்ளைகள் சரியான விடையை நீளமாகவும் கவனமாகவும் எழுதுவார்கள். மற்ற மூன்றையும் அவசரத்தில் நிரப்பிவிடுவார்கள். பாடம் படிக்காதவர்கூட நீளத்தைப் பார்த்தே சரியானதைக் குறித்துவிட முடியும். இதைச் சரிசெய்ய வேலையை இரண்டு வகுப்புகளாகப் பிரிக்க வேண்டும்.

முதல் வகுப்பில் விடைகள் இல்லாமல் கேள்வி மட்டும் எழுதப்படும். அந்தச் சீட்டு ஏழெட்டுப் பேரிடம் போகும். அவர்கள் ஒரு வரியில் பதில் எழுதி, ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்று இன்னொரு வரியும் எழுதுவார்கள். காரணத்தை அவர்கள் அன்றாடம் பேசும் கிரியோலில் எழுதவும் விடுங்கள். தமிழில்தான் வேண்டும் என்றால் பாதிப் பேர் காரணத்தையே விட்டுவிடுகிறார்கள். கேள்வியை எழுதியவர் திரும்பி வந்த பதில்களில் அதிகம் பேர் செய்த மூன்று தவறுகளைப் பொறுக்கி எடுத்து, அவற்றையே தவறான விடைகளாக வைப்பார். ஒவ்வொன்றும் ஏன் தவறு என்று ஒரு வாக்கியமும் எழுதுவார். இரண்டாம் வகுப்பில் எல்லாரும் பதில் குறிப்பார்கள்.

தமிழர் குடியேற்றப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். மாணவர் எழுதும் கேள்வி பெரும்பாலும் இப்படி இருக்கும்: "தமிழர்கள் மொரிஷியசுக்கு எப்போது வந்தார்கள்?" முதல் சுற்றிலேயே பதில்கள் சிதறும். ஒப்பந்தத் தொழிலாளர் வருகையை நினைவுகூரும் நவம்பர் 2 விடுமுறையை நினைத்து ஒருவர் 1834 என்பார். அடிமைமுறை ஒழிந்த ஆண்டை நினைத்து இன்னொருவர் 1835 என்பார். வேறொருவர் "பிரெஞ்சுக்காரர் காலத்தில்" என்பார். இங்கே பதில் சொன்னவர்களைக் குறைசொல்ல முடியாது. எந்தத் தமிழர், கைவினைஞரா ஒப்பந்தத் தொழிலாளரா என்று கேள்வி சொல்லவில்லை. திருத்திய வடிவம் இது: "புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் போர்ட் லூயிசில் கட்டட வேலைக்கு வரவழைக்கப்பட்டது எந்த ஆட்சியில்?" சரியான விடை பிரெஞ்சு ஆட்சி. பிரிட்டிஷ் ஆட்சி என்பது வலுவான தவறான விடை, ஏனென்றால் போர்ட் லூயிசில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் வழியாக வந்த கரும்புத் தோட்டத் தொழிலாளர்களே எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவார்கள். எந்த ஆசிரியரும் இதை ஊகித்திருக்கலாம். ஆனால் வகுப்பில் எத்தனை பேர் அப்படி நம்புகிறார்கள் என்பதைச் சீட்டுகள்தான் காட்டும்.

இரண்டாம் சுற்றுக்குப் பிறகு ஒவ்வொரு விடையையும் எத்தனை பேர் குறித்தார்கள் என்று எண்ணுங்கள். இருபது பேரில் ஒருவரும் தொடாத விடை வெறும் இடத்தை அடைக்கிறது, மாற்றுங்கள். பிறகு மொத்த மதிப்பெண்ணில் முதல் ஐந்து பேரையும் கடைசி ஐந்து பேரையும் மட்டும் பிரித்துப் பாருங்கள். முதல் ஐவரில் இருவர்தான் சரி, கடைசி ஐவரில் நால்வர் சரி என்று வந்தால், விடைக்குறிப்பு தவறாக இருக்கலாம், அல்லது கேள்வியில் இரண்டு பொருள் இருக்கலாம். நன்றாகப் படித்தவர்தான் அந்த இரண்டாவது பொருளைக் கண்டு தடுமாறுவார். இவ்வளவு சிறிய எண்ணிக்கை எதையும் நிரூபிக்காது. எந்தக் கேள்வியைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும்.

ஒருவர் எழுதிய கேள்விக்கு மற்றவர்கள் போடும் நட்சத்திர மதிப்பீட்டை நாங்கள் நம்புவதில்லை. நண்பருக்கு ஐந்து, பிடிக்காதவருக்கு இரண்டு என்றே போகிறது. பெயரை மறைத்து எண் போட்டாலும் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாம் சுற்றுக்கு முன் ஆசிரியர் தட்டச்சு செய்துவிடுவது நல்லது. நட்சத்திரத்துக்குப் பதிலாக இரண்டு குறிப்புகள் கேளுங்கள்: "எந்தத் தவறான விடை என்னைத் தயங்க வைத்தது, ஏன்?", "எந்தச் சொல்லை மாற்றினால் தெளிவாகும்?" இவற்றை நட்புக்காக எழுதிவிட முடியாது, கேள்வியைப் படித்தே ஆக வேண்டும்.

மதிப்பெண் பத்து என்றால் கேள்விக்கும் தவறான விடைகளின் விளக்கத்துக்கும் ஐந்து, எழுதிய குறிப்புகளுக்கு நான்கு, பதில் சரியாக இருந்ததற்கு ஒன்று. பதிலுக்கு அதிகம் கொடுத்தால் எளிய கேள்விகளைப் பரிமாறிக்கொள்ளும் ஒப்பந்தம் இரண்டாம் தவணைக்குள் வந்துவிடுகிறது. கேள்வி கடினமாக இருப்பதற்குத் தனி மதிப்பெண் வைத்தால் அதற்கு நேர்மாறாக, பாடத்தில் இல்லாத ஆண்டுகளைத் தேடிப் போடுவார்கள்.

பாடத்தை முன்கூட்டியே ஐந்தாறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுக்காவிட்டால் பாதிக் கேள்விகள் ஒன்றையே கேட்கும். பத்துப் பேருக்குக் குறைவான வகுப்பில் முதல் சுற்றில் போதுமான தவறுகள் கிடைப்பதில்லை. அங்கே இணை வகுப்பின் சீட்டுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் முழு வாக்கியம் எழுத இன்னும் பழகாத கீழ்வகுப்புகளில் இந்த முறையைத் தொடங்க வேண்டாம்.